இரண்டு ஏழுகள்

பத்தாம் வகுப்புக் கணிதத்தில் கடைசியாக வரும் புள்ளியியல் பாடத்தைப் பல வருடங்களாக நடத்திவருகிறேன். அதில் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. இரண்டு மட்டையாளர்கள் எடுத்த ஓட்டங்கள் இரண்டு வரிசையாகக் கொடுக்கப்பட்டிருக்கும். கூட்டி வகுத்தால் சராசரி சமமாக வரும். ‘அப்படியானால் இருவரும் ஒரே மாதிரி ஆட்டக்காரர்களா?’ என்று கேட்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒருவர் எல்லா ஆட்டத்திலும் நாற்பதை ஒட்டியே எடுத்திருப்பார். இன்னொருவர் ஒருநாள் நூறு, மறுநாள் பூஜ்யம். யார் நிலையானவர் என்று சொல்லத்தான் திட்ட விலக்கம், மாறுபாட்டுக் கெழு என்று இரண்டு சொற்களைப் புத்தகம் தருகிறது.

இத்தனை வருடம் கரும்பலகையில் போட்ட கணக்கு என் ரத்தத்துக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை.

எனக்கும் என் கணவருக்கும் சர்க்கரை நோய். அவருக்கு ஒன்பது வருடமாக, எனக்கு ஏழு வருடமாக. ஒரே டாக்டரிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்தே போவோம். இருவருக்கும் காலையில் ஒரே மாத்திரைகள்தான், மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும். போன வருடம் ஆனியில் எடுத்த ஹெச்பிஏ1சி பரிசோதனையில் அவருக்கு 7.0, எனக்கும் 7.0. “ஜோடிப் பொருத்தம்னா இதுதான்” என்று டாக்டர் சிரித்தார். சீட்டில் பழைய மருந்தே தொடர்ந்தது.

ரத்தச் சிவப்பணுவில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைப் பார்க்கும் பரிசோதனை அது. ஓர் அணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருப்பதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியை அது ஓரளவு சொல்லிவிடும். 7.0 என்றால் சராசரிச் சர்க்கரை சுமார் 154 மில்லிகிராம். அந்தச் சராசரி எப்படி வந்தது என்பது அதில் இருக்காது.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வியர்க்கத் தொடங்கியிருந்தது. முற்பகல் பத்து, பத்தரை மணிக்குக் கழுத்தில் தொடங்கி முதுகெல்லாம் நனையும். நெஞ்சு படபடக்கும். கரும்பலகையில் எழுதிய எண்ணை நோட்டில் மாற்றி எழுதுவேன். எனக்கு வயது ஐம்பது, மாதவிடாய் ஒழுங்கு தப்பி ஒரு வருடம் ஆகியிருந்தது. அதனால் காரணம் தேடும் வேலையே யாருக்கும் இருக்கவில்லை. “இது அந்த வயசு டீச்சர், எனக்கும் இப்படித்தான் இருந்தது” என்றார் உடன் வேலை செய்பவர். அக்காவும் அதையே சொன்னாள். டாக்டரிடம் சொன்னபோது அவரும் அதையே சொல்லிக் கால்சியம் மாத்திரை எழுதினார். வீட்டில் சொன்னேன். “எனக்கும் அதே ஏழுதானே? எனக்கு ஒண்ணும் பண்ணலையே” என்றார் கணவர். அவர் குத்தலாகச் சொல்லவில்லை. இரண்டு ஏழும் ஒன்று என்று உண்மையிலேயே நம்பினார். நானும் நம்பினேன்.

ஆவணியில் ஒருநாள் நோட்டுக் கட்டோடு மாடிப்படி ஏறும்போது கண் இருட்டியது. கைப்பிடியைப் பிடித்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நோட்டுகள் கீழ்ப்படி வரை சிதறின. ஒரு பிள்ளை தன் பையிலிருந்த கடலை மிட்டாயை என் வாயில் வைத்தாள். கால் மணி நேரத்தில் எல்லாம் தெளிந்துவிட்டது. அந்தத் தெளிவுதான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. மாதவிடாய் நிற்கும் பருவத்து வியர்வை கடலை மிட்டாய் தின்றால் போகுமா?

விஷயம் கேள்விப்பட்டு, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் இரண்டு சென்சார்கள் வாங்கி வந்தாள். ஒன்று எனக்கு. அம்மாவுக்கு மட்டும் ஒட்டினால் அப்பா பயந்துவிடுவார் என்று இன்னொன்று அவருக்கு. ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை வில்லை. மேல்கையின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதிலுள்ள மெல்லிய இழை தோலுக்கடியில் நிற்கும். ரத்தத்தில் இல்லை, தோலடி நீரில் உள்ள சர்க்கரையை அளக்கும். அதனால் ரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். எங்களுடையது கால் மணிக்கு ஒன்றாக ஒரு நாளைக்கு 96 அளவுகளைச் சேர்த்து வைத்தது. பதினான்கு நாளுக்கு 1344. நாங்கள் அதுவரை எடுத்ததெல்லாம் மாதம் ஒருமுறை இரண்டே அளவுகள். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. அதுவும் பரிசோதனை நாளில். அன்றைக்கு நானும் ஆய்வகத்தில் உட்கார்ந்து நேரத்துக்குச் சாப்பிட்டிருப்பேன்.

பதினைந்தாம் நாள் மகள் இரண்டு அறிக்கைகளையும் மேசையில் வைத்தாள். சராசரி என்ற இடத்தில் இரண்டிலும் 154. அதற்குக் கீழே %CV என்று ஒரு வரி. அவருக்கு 21. எனக்கு 41.

அந்த எழுத்துகளைப் பார்த்ததும் சுரீரென்றது. மாறுபாட்டுக் கெழு. என் கணக்கு.

அன்றிரவே பழைய நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். 1344 எண்களைக் கையால் போட முடியாது. ஆளுக்கு ஒரு நாள், ஆறு அளவுகள் மட்டும் எடுத்துக்கொண்டேன். அவருடையது: 118, 186, 142, 178, 150, 150. கூட்டினால் 924, ஆறால் வகுத்தால் 154. என்னுடையது: 126, 62, 264, 88, 246, 138. கூட்டினால் அதே 924, அதே 154. என் 62-ஐயும் 264-ஐயும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 163 வரும், பார்க்க ஒழுங்கான எண். அந்த 163-இல் நான் ஒரு நிமிடமாவது இருந்தேனா என்றால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியில் கடந்திருப்பேன். அவ்வளவுதான்.

பிறகு ஒவ்வோர் எண்ணும் 154-லிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்த்தேன். அவருக்கு அதிகபட்ச விலகலே 36. எனக்கு ஒரு பக்கம் 92 குறைவு, மறுபக்கம் 110 அதிகம். குறைவும் கூடுதலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகாமலிருக்க விலகல்களை வர்க்கப்படுத்துகிறோம். அவற்றின் சராசரிக்கு வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம். அவருக்கு ஏறக்குறைய 23, எனக்கு 76. அதைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் மாறுபாட்டுக் கெழு. அன்றைய நாளுக்கு அவருக்கு 15 சதவீதம், எனக்கு 49. பதினான்கு நாளையும் சேர்த்தால் அறிக்கை சொன்ன 21-உம் 41-உம்.

திட்ட விலக்கத்தோடு நிறுத்தாமல் சராசரியால் ஏன் வகுக்க வேண்டும் என்று வகுப்பில் கேட்பார்கள். சராசரி கூடும்போது விலகலும் சேர்ந்து கூடுவது வழக்கம். எப்போதும் 250-ஐச் சுற்றி இருப்பவருக்கும் 130-ஐச் சுற்றி இருப்பவருக்கும் ஒரே 50 ஒரே பொருள் தராது. வகுத்துவிட்டால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2017-இல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று இந்தக் கெழுவுக்கு 36 சதவீதம் என்று கோடு போட்டது. அதற்குக் கீழே இருந்தால் நிலையானது, 36-ஐ எட்டினாலோ தாண்டினாலோ நிலையற்றது. கோட்டைத் தாண்டுகிறவர்களுக்குத் தாழ்சர்க்கரை அடிக்கடி வருகிறது என்பதே அடிப்படை. கோட்டின் மறுபக்கம் நான் ஐந்து சதவீதம் தள்ளி நின்றிருந்தேன்.

இந்த முறை வேறொரு டாக்டரிடம் தனியாகப் போனேன். அவர் சராசரியைப் பார்க்கவே இல்லை. நேராக வரைபடத்துக்குப் போனார். பதினான்கு நாள் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே 24 மணி நேரமாகக் காட்டும் படம் அது. என் கணவருடையது ஒரு வாய்க்கால் மாதிரி ஓடியது. என்னுடையதில் காலை பத்தே முக்கால் வாக்கில் ஒரு பள்ளம், பன்னிரண்டேகாலுக்கு ஒரு மேடு. சாயங்காலம் ஒரு சரிவு. இரவு பதினொன்றரைக்கு இன்னொரு மேடு.

“இந்தப் பத்தே முக்காலுக்கு என்ன பண்றீங்க?” என்றார்.

“இடைவேளை. சாப்பிடுவேன்.”

“காலைச் சாப்பாடா?”

“ஆமா.”

“மாத்திரை எப்போ?”

“ஏழேகாலுக்கு. அவருக்கு எடுத்துக் கொடுக்கும்போதே நானும் போட்டுப்பேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும் மாத்திரை. ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. அதனால்தான் ‘சாப்பாட்டுக்கு முன்’ என்று எழுதுவார்கள். அடுத்துச் சாப்பாடு வரும் என்பது அதன் அனுமானம். என் கணவருக்கு வந்தது. ஏழேகாலுக்கு மாத்திரை, ஏழரைக்கு இட்லி. என்னுடைய இட்லி டப்பாவில் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. நடுவே அத்தைக்குக் கஞ்சி, அவருக்குச் சாப்பாட்டுப் பை, எட்டு இருபது பஸ், பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம், இரண்டு வகுப்பு நின்றபடி பாடம். இன்சுலின் மூன்றரை மணி நேரமாக எனக்காகக் காத்திருந்து, சாப்பாடு வராததால் இருந்த சர்க்கரையையும் தசைக்குள் தள்ளிவிட்டது. பத்தே முக்காலுக்கு 62.

மேடு எங்கிருந்து வந்தது என்பதை அவர் சொன்னபோதுதான் எனக்குப் பிடிபட்டது. சர்க்கரை தாழும்போது உடம்பு அட்ரினலினையும் குளுக்ககானையும் இறக்குகிறது. படபடப்பு அந்த அட்ரினலினால்தான். அவை கல்லீரலிடம் ‘இருப்பை அவிழ்’ என்கின்றன. கல்லீரல் அவிழ்க்கிறது. அதே நேரத்தில் பசி தாங்காமல் நான் நான்கு இட்லியை ஐந்து நிமிடத்தில் விழுங்கி, ஆசிரியர் அறையில் சர்க்கரை போட்ட டீயும் குடிக்கிறேன். கல்லீரலின் சர்க்கரையும் தட்டின் சர்க்கரையும் ஒன்றாகச் சேர்ந்து 264. ‘கட்டுப்பாடே இல்லாமல் சாப்பிடுகிறோமே’ என்று நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்த மேடு அது. அதைப் பள்ளம் உண்டாக்கியிருந்தது. இரவு மேட்டின் கதையும் வேறில்லை. எல்லாரும் சாப்பிட்டு, மேடை துடைத்து, பத்து மணிக்குமேல் மிச்சமிருந்த சோறும் குழம்பும்.

வெறும் எண்களாக அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. 70-க்கும் 180-க்கும் இடையே இருக்கும் நேரம் நாளில் 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், 70-க்குக் கீழே 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. அவர் 79 சதவீத நேரம் உள்ளே இருந்தார், கீழே போகவே இல்லை. நான் உள்ளே இருந்தது 61. கீழே 7, அதாவது நாள் ஒன்றுக்குச் சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். மீதி நேரம் மேலே.

எல்லாப் பழியையும் அடுப்படிமேல் போட்டுவிட எனக்கு ஆசைதான். டாக்டர் அதை அனுமதிக்கவில்லை. இருவர் உடம்பும் ஒன்றல்ல, கணையத்தில் மிச்சமிருக்கும் திறன் ஆளுக்கு ஆள் மாறும், அது குறைவாக உள்ளவர்களுக்கு ஊசலாட்டம் அதிகம் என்றார். மாதவிடாய் தடுமாறும் பருவத்தில் தூக்கம் கெடுவதும் ஹார்மோன் ஏற்ற இறக்கமும் தங்கள் பங்கைச் செய்யும். என் வியர்வைகளில் சில அந்த வயதுக்குரியவையாகவே இருக்கலாம். எது எது என்று பிரிக்கும் வழியையும் சொன்னார். வியர்க்கும் அந்த நிமிடத்திலேயே விரலில் குத்திப் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே என்றால் தாழ்சர்க்கரை. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை, கால் மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 120 காட்டினால் அது வேறு வியர்வை. அடுத்த மாதத்தில் பன்னிரண்டு முறை குத்திப் பார்த்தேன். ஏழு தாழ்சர்க்கரை, ஐந்து அந்த வயது. ஒரு பெண் உடம்பில் இரண்டு காரணங்கள் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அறிக்கையிலும் பொய் இருந்தது. இரண்டு இரவுகளில் இரண்டு மணிக்கு 55 என்று காட்டி, அரை மணியில் திடீரென நேராகியிருந்தது. “எந்தப் பக்கம் படுப்பீங்க?” என்றார். இடப்பக்கம், சென்சார் இருந்த கைமேல். உடம்பின் பாரம் அழுத்தினால் தோலடி நீரோட்டம் குறைந்து, இல்லாத தாழ்வை அது காட்டும். அடுத்த சென்சாரை வலக்கையில் ஒட்டி, அலாரம் வைத்து எழுந்து விரலிலும் பார்த்தேன். 108. அந்தப் பொய்த் தாழ்வுகளும் என் கெழுவைக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டியிருக்கும். ஆனால் பத்தே முக்கால் பள்ளம் நான் நின்றுகொண்டிருந்தபோது விழுந்தது. அது பொய் இல்லை.

கெழு சிறியதாக இருந்தாலே நல்லது என்றும் இல்லை. எந்நேரமும் 280-ஐச் சுற்றி இருந்து, விலக்கம் 45 மட்டுமே உள்ளவருக்குக் கெழு 16தான் வரும். கணக்குப்படி அவர் மிக நிலையானவர், நிலையாகக் கெட்டுக்கொண்டிருக்கிறார். சராசரி, கெழு, எந்த வரம்புக்குள் எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஊசலாட்டம் தாழ்சர்க்கரையின் ஆபத்தைக் கூட்டும் என்பது உறுதி. ரத்தக்குழாய்களையும் அது தனியாகக் கெடுக்கிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் விவாதம் இருக்கிறது. எனக்கு முதல் விஷயமே போதுமானதாக இருந்தது. நான் மாடிப்படி ஏறுகிறவள்.

டாக்டர் கிளிமிபிரைடை நிறுத்தி, சிட்டாகிளிப்டின் எழுதினார். சர்க்கரை ஏறும்போது மட்டுமே இன்சுலினை அதிகம் சுரக்கவைக்கும் மருந்து என்பதால், மெட்ஃபார்மினோடு எடுக்கும்போது தாழ்சர்க்கரை அபூர்வம். “மருந்து பாதிதான், டீச்சர். மீதி உங்க இட்லி” என்றார்.

மருந்தை மாற்றியது சுலபம். இட்லியை ஏழரைக்கு உட்கார்ந்து சாப்பிடுவது சுலபமாக இல்லை. முதல் நாள் நான் தட்டோடு உட்கார்ந்ததும் கணவர், “என்ன, இன்னிக்கு லீவா?” என்றார். அத்தை கஞ்சிக்காகக் காத்திருந்தது எனக்கு வாயில் போட்டதை விழுங்க விடவில்லை. யாரும் என்னைச் சாப்பிடாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் யாரிடம் சண்டை போடுவது என்றும் தெரியவில்லை. இரண்டு வரைபடங்களையும் அச்செடுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாகக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். விளக்கம் ஒன்றும் எழுதவில்லை. நான்கைந்து நாள் கழித்து அவர் அந்தப் பள்ளத்தின்மேல் விரல் வைத்து, “இந்த நேரத்துல நான் பேப்பர் படிச்சிட்டு இருப்பேன்” என்றார். அதற்கடுத்த வாரத்திலிருந்து அத்தையின் கஞ்சி அவர் பொறுப்பு. கட்டி தட்டுகிறது என்று அத்தைக்குக் குறை. அது ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்று மாதம் கழித்து மறுபடி சென்சார் ஒட்டினேன். திட்ட விலக்கம் 46, கெழு 29. வரம்புக்குள் 70 சதவீதம், கீழே 1. சராசரி மட்டும் 154-லிருந்து 157 ஆகியிருந்தது. பள்ளங்கள் தூர்ந்துவிட்டால் சராசரி கொஞ்சம் ஏறத்தானே செய்யும்? அதுவரை என் 7.0 அழகாக இருந்ததில் அந்த 62-களுக்கும் பங்கு இருந்திருக்கிறது. ஆய்வகச் சீட்டில் ஹெச்பிஏ1சி 7.1 என்று வந்தது.

கணவருக்கு இந்த முறையும் 7.0. என் சீட்டை வாங்கிப் பார்த்து, “உனக்கு ஏறிடுச்சே” என்றார் கவலையோடு.

“உட்காருங்க” என்று பழைய நோட்டின் பின்பக்கத்தை எடுத்தேன்.